வெள்ளிக்கிழமைப் பெற்றோல்

திருகோணமலை பஸ் நிலையத்தடியில் வாடகைக் கார் ஓட்டுகிற எவரையாவது மறித்து யோகலிங்கத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, நல்ல மனிசன்தான், ஆனால் அவரோடு வாயைக் கொடுக்கப்படாது என்பார்கள். நாற்பத்தொன்பது வயது, கட்டையான உடம்பு, அலஸ்தோட்டத்தில் வீடு, லீசிங்கில் எடுத்த வெள்ளைச் சின்னக் கார். கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று சிலரைச் சொல்வோமே, இவருக்கு அது மூக்கைத் தாண்டி முன்னால் நடந்து வரும்.

கோபத்துக்குப் பக்கத்தில் ஒரு பெருமையும் இருந்தது. ஹயர், அதாவது வாடகை ஓட்டம் எல்லாம் போனில் உள்ள ஆப் வழியாகத்தான் வரும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் முதல் கதை என்ன தெரியுமா? "அண்ணை, ஆப்பிலை கான்சல் பண்ணிவிடுங்கோ, காசைக் கையிலை தாறன்." கான்சல் பண்ணினால் ஆப் கொம்பனிக்குப் போகும் நூற்றுக்குப் பதினைந்து மிச்சம். ஓடினதற்கு அடையாளமும் இருக்காது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் ஓடுகிறார்கள். யோகலிங்கம் மட்டும் மாட்டார். அப்படிக் கேட்ட ஒருவனை நிலாவெளி வீதியில் நடு வெயிலில் இரண்டு சூட்கேசோடு இறக்கிவிட்டுத் திரும்பி வந்த மனிதர் இவர். கூட ஓடுகிற முனாஸ் அதைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணுவான். கொம்பனி உங்களுக்குப் பென்சன் தரும், யோகண்ணை, சிலையும் வைக்கும் என்பான். யோகலிங்கம் அவனை முறைப்பார், ஆனால் உள்ளுக்குள் அந்தப் பகிடி பிடிக்கும்.

வீட்டில் அந்தக் கோபம் வேறு வேலை பார்த்தது. மூன்று வருஷத்துக்கு முன், பேசி முடித்த கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்க, ஒரே மகள் ஜெயரூபி கட்டைபறிச்சானைச் சேர்ந்த சஞ்சீவன் என்ற பொடியனோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூர் தாண்டி இருக்கிற ஊர். யோகலிங்கம் சுவரில் இருந்த அவளுடைய படத்தைக் கழற்றினார். இந்த வீட்டில் அவளின் பெயரை யாராவது எடுத்தால் அன்றைக்கே நான் இறங்கிப் போய்விடுவேன் என்றார். மனைவி சுலோஜனா மூன்று முறை கதையை எடுத்துப் பார்த்தாள். மூன்று முறையும் சோற்றுக் கோப்பை முற்றத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பெத்த தாய், பக்கத்து ஊரில் இருக்கிற தன் பிள்ளையைப் பார்க்க ஒரு மனிதனின் கோபத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்கே கோபம் வருகிறது.

சரி, கதைக்கு வருவோம். போன வருஷம் நவம்பரில் யோகலிங்கம் முதல்தரம் வருமான வரி விபரத்திரட்டு அனுப்பினார். ஆப்பில் ஓடின மொத்தக் காசு இருபத்துமூன்று இலட்சம். அதைப் பார்த்தால் பெரிய முதலாளி போல இருக்கும். ஆனால் அதிலிருந்து கொம்பனியின் பங்கு, பெற்றோல், ரயர், கராஜ் செலவு, லீசிங் வட்டி எல்லாம் போனால் கையில் நிற்பது எட்டு இலட்சம். வரிக்கு உட்படாத எல்லை அந்த வருஷம் பன்னிரண்டு இலட்சம். ஆகவே கட்ட வேண்டிய வரி இல்லை.

இந்த வேலையைச் செய்தவள் சுலோஜனா. கல்யாணத்துக்கு முன் கூட்டுறவுச் சங்கக்கடையில் பில் எழுதினவள் அவள். ஒவ்வொரு நாளும் கார் வந்ததும் முதல் கேள்வி, பெற்றோல் பில் எங்கே என்பதுதான். தாமதித்தால் எழுத்து மறைந்துபோகும் என்று அன்றன்றைக்கே போனில் படம் எடுத்து, பில்லைக் கொப்பியில் ஒட்டிவிடுவாள். லீசிங் விஷயத்தில் புருஷனோடு சண்டையும் பிடித்தாள். மாதம் நாற்பத்தாறாயிரம் கட்டுகிறோம், முழுவதையும் செலவு என்று எழுது என்று அவர் நின்றார். வாங்கின முதலைத் திருப்பிக் கொடுக்கிறது செலவில்லை, அதற்கு மேல் கொடுக்கிற வட்டிதான் செலவு, காரின் தேய்மானத்துக்கு வேறு கணக்கு என்று அவள் சொன்னாள். லீசிங் கந்தோருக்கு மூன்று தரம் நடந்து, எவ்வளவு முதல், எவ்வளவு வட்டி என்று பிரித்துக் கடிதம் வாங்கி வந்தாள். அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் அவர் வாயை மூடினார்.

மாசி மாதத்தில் இறைவரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. செலவுகளுக்கான ஆதாரங்களோடு வந்து விளக்கம் தரும்படி இருந்தது. யோகலிங்கம் அதை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் வாசித்துவிட்டுக் கடிதத்தை மேசையில் அறைந்தார்.

"நான் களவெடுத்தனான் எண்டு எழுதியிருக்கினம்" என்றார்.

அப்படி ஒரு சொல்லும் அதில் இல்லை என்று சுலோஜனா சொன்னது காதில் ஏறவில்லை.

குறித்த நாளில் இரண்டு பேரும் போனார்கள். மதிப்பீட்டாளர் றுஷ்தா, மூதூர் போகிற வழியில் இருக்கிற கிண்ணியாவைச் சேர்ந்த பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். மேசைக்கு முன்னால் இருந்த இரண்டு கதிரைகளைக் காட்டி உட்காரச் சொன்னார். சுலோஜனா கொப்பிகளை வரிசையாக வைத்தாள். றுஷ்தா லீசிங் கடிதத்தைப் படித்துத் தலையாட்டினார். வட்டியை மட்டும் பிரித்துக் கொண்டு வருகிறவர்கள் குறைவு என்று சொல்லி, ரயர், பிரேக், கராஜ் பில்களையும் ஒன்றொன்றாகப் பார்த்தார். யோகலிங்கத்தின் தோள் கொஞ்சம் இறங்கியது. அந்த நேரம் பார்த்து றுஷ்தா இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஒன்று, கார் சேர்விஸ் செய்த பில்கள். ஒவ்வொன்றிலும் மீற்றர் எவ்வளவு என்று கராஜ்காரன் எழுதியிருந்தான். வருஷத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் கார் ஓடினது நாற்பத்தீராயிரம் கிலோமீற்றர். மற்றது ஆப் கொம்பனியின் அறிக்கை. அதில் பயணிகளை ஏற்றி ஓடினது இருபத்தீராயிரம் மட்டும்.

"பெற்றோல் நாப்பத்திரெண்டாயிரத்துக்கும் கழிச்சிருக்கீங்க. வருமானம் இருபத்திரெண்டாயிரத்துக்குத்தான் காட்டியிருக்கீங்க. மிச்சம் இருபதாயிரம் கிலோமீற்றர் எங்க ஓடின, ஐயா?"

அது நியாயமான கேள்வி. ஒன்றில் சொந்தத் தேவைக்கு ஓடியிருக்க வேண்டும், அப்படியென்றால் அந்தப் பங்குக்கான பெற்றோலையும் ரயரையும் வட்டியையும் கழிக்க முடியாது. அல்லது ஆப்பில் கான்சல் பண்ணிவிட்டுக் கைக்காசுக்கு ஓடியிருக்க வேண்டும். றுஷ்தா அந்த இரண்டாவதையும் மறைக்காமல் சொன்னார். இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும், இருபதாயிரம் கிலோமீற்றரையும் மறைத்த ஹயர் என்று எடுத்தால் ஒரு இலட்சத்துக்குக் குறையாத வரி வரும், தண்டமும் சேரும், முந்தின வருஷங்களையும் பார்க்க வேண்டிவரும் என்றும் சொன்னார்.

யோகலிங்கம் எழும்பிவிட்டார். கதிரை பின்னால் சரிந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"கந்தளாய்க்கு ஒரு ஆளைக் கொண்டுபோய் இறக்கினா, நான் அங்கையே குடியிருக்கிறதோ? வெறுங்காரைத் தலையிலை வச்சுக்கொண்டு நடந்தோ வாறது? இறக்கக்கண்டிக்குப் போனா வரக்கை ஒரு நாய் ஏறாது. வெறுமையா வாற பெற்றோலுக்கு ஆர் காசு தாறது, நீங்களோ?"

சுலோஜனா அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். றுஷ்தா கோபப்படவில்லை. அந்தப் பெண்ணுக்கு இந்தக் கத்தலெல்லாம் பழக்கம் போல. வெறுமையாகத் திரும்பி வந்ததும் தொழிலுக்கான ஓட்டம்தான், அந்தப் பெற்றோலைத் தாராளமாகக் கழிக்கலாம், ஆனால் வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும் என்றார். பதினாலு நாள், இரண்டு கிழமைத் தவணை தந்தார்.

படியிறங்கி வருகிற வழியெல்லாம் மனிதர் பொரிந்து தள்ளினார். கான்சல் பண்ணுகிறவன் எல்லாம் கணக்கும் காட்டாமல் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கிறான், ஒழுங்காக எழுதிக் கொடுத்தவனைக் கூப்பிட்டுக் குடைகிறார்கள் என்றார். அதில் அவர் சொன்னது பிழையில்லை. ஒரு ஹயருக்கும் அடையாளம் வைக்காதவனை யார் தேடிப் பிடிப்பது? கொப்பி வைத்திருக்கிறவன்தான் அகப்படுவான்.

ஆனால் அவர் கத்தின கத்தலுக்குள்ளேயே பதில் இருந்தது, சுலோஜனா அதைப் பிடித்துக்கொண்டாள். ஆப்பில் ஒவ்வொரு ஹயருக்கும் ஏற்றின இடம், நேரம், இறக்கின இடம், நேரம் எல்லாம் கிடக்கிறது. காலை பத்து நாற்பதுக்கு இறக்கக்கண்டியில் ஒருவரை இறக்கினார். பதினொன்று இருபதுக்குத் திருகோணமலைச் சந்தையடியில் இன்னொருவரை ஏற்றினார். கார் பறந்தா வந்தது? இடையில் இருபது கிலோமீற்றர் வெறுமையாக ஓடித்தானே வந்திருக்க வேண்டும். ஒரு இறக்கத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்தையெல்லாம் கூட்டினால் வெறும் ஓட்டத்தின் கணக்கு வந்துவிடும்.

வீட்டுச் சமையல் பின்னேரங்களில்தான் நடந்தது அந்த இரண்டு கிழமையும். காலையில் அவர் ஓடப் போனதும் அவள் குசினி மேசையில் கொப்பியை விரிப்பாள். ஒரு வருஷத்து ஹயர், நாளுக்கு ஐந்தாறு. கண் எரிய எரிய எழுதினாள். முதல்நாள் சமைத்ததைச் சாப்பிட அவர் மத்தியானம் வரும்போது, இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு எவ்வளவு தூரம், எந்த வழியால் வந்தனீங்கள் என்று கேட்பாள். யோகலிங்கம் பக்கத்தில் இருந்து சொல்லுவார். மூன்று வருஷத்துக்குப் பிறகு புருஷனும் பெண்சாதியும் ஒரே மேசையில் சண்டை இல்லாமல் ஒரு விஷயத்தைக் கதைத்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது.

கடைசி நாள் சுலோஜனா கூட்டிப் பார்த்தாள். ஏற்றி ஓடினது இருபத்தீராயிரம், வெறுமையாக ஓடினது பதினேழாயிரம். இரண்டும் முப்பத்தொன்பது. இன்னும் மூவாயிரம் நின்றது.

"இது எங்கை போனது?" என்று கேட்டாள்.

யோகலிங்கம் சட்டென்று எழும்பினார். மீற்றர் பிழையாக இருக்கும், கராஜ்காரன் கண்மூடித்தனமாக எழுதியிருப்பான், வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் கிண்ணியாப் பக்கம் ஹயர் இல்லை, சும்மா சுற்றித் திரிவேன், அதுதான் என்றார். அவள் இன்னொரு தரம் கேட்கவும், நீயும் என்னைக் கள்ளன் என்கிறாயா என்று கத்திவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பாருங்கள், இந்த மனிதரின் கோபம் எப்போதெல்லாம் பெரிசாக வெடிக்கிறதோ, அப்போதெல்லாம் அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கும். சுலோஜனாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் அவள் நம்பினாள். ஒரு ரூபாய் களவெடுக்காத மனிதர் என்பது ஒன்றுதான் அந்தக் கல்யாணத்தில் அவளுக்கு மிஞ்சியிருந்த பெருமை.

இரண்டாம் தரம் போனபோது றுஷ்தா அந்தக் கொப்பியை அரைமணி நேரம் பார்த்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது இடத்தில் ஆப்போடு ஒப்பிட்டார். எல்லாம் சரி. பதினேழாயிரத்தையும் தொழிலுக்கான ஓட்டமாக ஏற்றுக்கொள்ளலாம் என்றார். யாரம்மா இதை எழுதினது என்று கேட்டுச் சுலோஜனாவைப் பார்த்து முதல்தரம் சிரித்தார்.

பிறகு பெற்றோல் பில் கொப்பியை எடுத்தார். ஏற்கெனவே சில பக்கங்களில் சின்னக் கடதாசித் துண்டுகளை வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். மூதூரில் உள்ள ஒரு பெற்றோல் செட்டில் அடித்தவை. பத்தொன்பது பில். பத்தொன்பதும் வெள்ளிக்கிழமை மத்தியானம்.

"மூதூருக்கு அந்த நாள்கள்ள ஆப்பில ஒரு ஹயரும் இல்ல. கிண்ணியாவில ஆளை இறக்கியிருக்கீங்க. பதினொண்டரைக்கு ஆப்பை நிப்பாட்டியிருக்கீங்க. ரெண்டரைக்குத்தான் திரும்பப் போட்டிருக்கீங்க."

சும்மா சுற்றினேன் என்று யோகலிங்கம் முணுமுணுத்தார். றுஷ்தா கொப்பியை மூடினார். நான் கிண்ணியாக்காரி ஐயா என்றார். ஜும்மாத் தொழுகை நேரத்தில் கடை பூட்டு, ஹயர் இல்லை, அது உண்மை. ஆனால் ஹயர் இல்லையென்றால் ஓட்டுகிறவர்கள் காரை நிழலில் போட்டுவிட்டுச் சீற்றைச் சரித்துப் படுப்பார்கள். பெற்றோல் விற்கிற விலைக்கு மூதூர்வரை யாரும் சும்மா சுற்றமாட்டார்கள். ஒன்றில் சொந்தப் பயணம், அல்லது கைக்காசு ஹயர். எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

யோகலிங்கம் மேசையைப் பார்த்தார். பக்கத்தில் சுலோஜனா இருந்தாள். மின்விசிறிக் காற்றில் பில்கள் படபடத்தன, அவள் உள்ளங்கையால் அவற்றை அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒட்டின பில்கள். அவள் கேட்டுக் கேட்டு வாங்கின பில்கள். மூதூரில் பெற்றோல் அடிக்கிற ஒவ்வொரு முறையும் அந்தத் துண்டை வீசிவிட்டு வந்திருக்கலாம். வீட்டில் பில் எங்கே என்று கேட்பாள், இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பாள் என்று, மனிதர் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தன் வாயை மூடி வைத்தவருக்குத் தன் சேட்டுப் பையை மூடி வைக்கத் தெரியவில்லை.

"கைக்காசு ஹயர்தான், மிஸ்" என்றார் யோகலிங்கம்.

ஓம், அப்படித்தான் சொன்னார். நிலாவெளி வீதியில் ஆளை வெயிலில் இறக்கிவிட்ட யோகலிங்கம், முனாஸின் பகிடியை நெஞ்சில் பதக்கமாகக் குத்திக்கொண்டு திரிந்த யோகலிங்கம், நான் கள்ளன்தான் என்று ஒரு அரசாங்க மேசைக்கு முன்னால் ஒப்புக்கொண்டார். உண்மையைச் சொல்வதைவிட அது அவருக்கு இலேசாக இருந்தது.

றுஷ்தா பேனையை எடுத்தார். அப்படியென்றால் அதை எழுத வேண்டும், எழுதினால் மறைத்த வருமானம் என்று ஆகும், பிறகு இந்த ஒரு வருஷத்தோடு நிற்காது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"எழுதாதேங்கோ, மிஸ்" என்றாள் சுலோஜனா.

கோபம் அவளிடமும் இருந்திருக்கிறது, இத்தனை நாளும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

"இந்த மனிசன் சன்னதக்காரன். வீட்டிலை கோப்பை எறியும், வீதியிலை சண்டை பிடிக்கும். எல்லாம் உண்மை. ஆனா கைக்காசுக்கு ஓடமாட்டார். இருபத்தாறு வருஷம் இவரோட இருக்கிறன், இது ஒண்டை மட்டும் எனக்குத் தெரியும். இவர் பொய் சொல்றார். ஏன் எண்டுதான் எனக்குத் தெரியேல்லை."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். றுஷ்தாவும் பார்த்தார். யோகலிங்கத்துக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

"கட்டைபறிச்சான்" என்றார்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். அங்கே ஒரு சின்னப் பிள்ளைகளின் பள்ளி இருக்கிறது. அதில் அவள் படிப்பிக்கிறாள். பன்னிரண்டு மணிக்குக் கிட்ட வீட்டுக்கு நடந்து போவாள். வீதியோரம் ஒரு வேப்பமரம். அதற்குக் கீழே காரை விட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருப்பேன். அவள் போனதும் திரும்பிவிடுவேன். கிண்ணியாவிலிருந்து போய்த் திருகோணமலைக்கு வர, வழக்கமான ஓட்டத்தைவிட எழுபத்தைந்து கிலோமீற்றர் கூட வரும்.

"எத்தினை தரம்?" என்று கேட்டது சுலோஜனா.

றுஷ்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் சுலோஜனாவே கணக்குப் பார்த்துவிட்டாள். மூவாயிரத்தை எழுபத்தைந்தால் பிரித்தால் நாற்பது. சங்கக்கடையில் இருந்தவளுக்குக் கல்குலேட்டர் வேண்டுமா?

"நாப்பது தரம்" என்றாள். "இறங்கிக் கதைச்சியளோ?"

"இல்லை."

"ஒரு தரமும்?"

"இல்லை."

"பிள்ளை?"

மகளுக்கு ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்பது சுலோஜனாவுக்கும் தெரிந்திருந்தது. மூதூரிலிருந்து மீன் கொண்டு வருகிற நல்லம்மா சந்தையில் காதுக்குள் சொல்லியிருந்தாள். அதை ஒரு வருஷமாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் அவள் சோறு சமைத்திருக்கிறாள்.

"பெட்டை" என்றார் யோகலிங்கம். "இடுப்பிலை வச்சுக்கொண்டு போவாள். இப்ப கையைப் பிடிச்சு நடத்திக்கொண்டு போறாள்."

றுஷ்தா தாள்களைத் தன் பக்கம் இழுத்து வேலைக்குத் திரும்பினார். அது அவர் செய்த நல்ல காரியம். சொந்தப் பயணம் மூவாயிரம், மொத்த ஓட்டத்தில் பதினாலில் ஒரு பங்கு என்றார். பெற்றோல், கராஜ் செலவு, லீசிங் வட்டி எல்லாவற்றிலும் அந்தப் பங்கைக் குறைத்து, காரின் தேய்மானத்துக்கும் அதே மாதிரிப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் சரி. அதற்குப் பிறகும் வருமானம் எல்லைக்குக் கீழேதான் நிற்கிறது, வரி ஒரு சதமும் வராது. இனிமேல் காரில் ஒரு கொப்பி வைத்திருங்கள், தொழில் ஓட்டம் ஒரு பக்கம், சொந்த ஓட்டம் ஒரு பக்கம் எழுதிவந்தால் இந்தக் கரைச்சல் இல்லை என்றார்.

ஒரு சதமும் இல்லை. கேட்டீர்களா? உண்மையைச் சொன்னதற்கு அரசாங்கம் அவரிடம் ஒரு சதமும் கேட்கவில்லை.

வெளியே வெயில் கொளுத்தியது. துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் ஊதியது. யோகலிங்கம் முன்கதவைத் திறந்துவிட்டு நின்றார். சுலோஜனா அதைப் பார்க்காதவள் மாதிரிப் பின்கதவைத் திறந்து, ஹயருக்கு வந்த ஆள் போலப் பின்சீற்றில் ஏறி இருந்தாள். கொப்பிகள் நிறைந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் ஓட்டுகிற சீற்றில் வந்து இருந்து சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் திருப்பிக் கத்தலாம், அவருக்கு அது தெரிந்த வேலை. அவள் கத்தவில்லை.

"பேரைச் சொல்லப்படாது எண்டு எனக்குச் சட்டம் போட்டியள்" என்றாள். "நான் மூண்டு வருஷம் சொல்லேல்லை. நித்திரையிலையும் சொல்லேல்லை. நீங்கள் நாப்பது தரம் போய்ப் பாத்திருக்கிறியள். இந்தக் காரிலை. பில் எங்கை, பில் எங்கை எண்டு நான் கேட்டுக் கேட்டு ஒட்டின பெற்றோலிலை. பக்கத்துச் சீற் நாப்பது தரமும் வெறுமையாத்தானே கிடந்தது?"

யோகலிங்கம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். வெறும் ஓட்டம் என்று அவர் அந்த மேசையில் கத்தினதெல்லாம் நினைவுக்கு வந்தது. சுலோ, என்று தொடங்கினார்.

"கதைக்காதேங்கோ." அவள் பையிலிருந்து எழுதாத கொப்பி ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு கோடு போட்டாள். "கட்டைபறிச்சானுக்கு ஒரு ஹயர். ஆப்பிலை போடட்டோ, காசைக் கையிலை தரட்டோ?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, நேரம் பதினொன்று ஆகிறது, பன்னிரண்டுக்கு முன் போய்ச் சேர்வது கஷ்டம் என்று ஏதோ சொன்னார்.

"அப்ப வீட்டு வாசலிலை போய் நிப்பாட்டுங்கோ. நான் உங்களைப்போல மரத்துக்குக் கீழை ஒளிச்சிருக்க வரேல்லை. நான் இறங்குவன். நீங்கள் இறங்கிறதும் இறங்காததும் உங்கட விருப்பம்."

யோகலிங்கம் சாவியைத் திருப்பினார். ஆப் இன்னும் போட்டபடி இருந்தது, உவர்மலையிலிருந்து ஒரு ஹயர் கூவியது. அவர் போனை எடுத்து நிப்பாட்டினார்.

"மீற்றர் எவ்வளவு?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

அவர் பார்த்துச் சொன்னார். சுலோஜனா அதைச் சொந்த ஓட்டத்தின் பக்கத்தில் எழுதினாள். கீழே இடம், கட்டைபறிச்சான். அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காத ஒன்றையும் எழுதினாள்: இரண்டு பேர்.